ஒன்பதாம் பக்கத்தில் இருப்பது நீங்கள் இல்லை, மாமி

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, அச்சகத்திலிருந்து வந்த பழுப்பு உறையைப் பிரித்து, சமையலறை விளக்கின் கீழ் நின்றபடியே உங்கள் கல்வெட்டின் சரிபார்ப்புத் தாள்களைப் படித்தது. அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை. தாளில் மை வாடை இன்னும் போகவில்லை. முதல் பக்கங்களில் தேவாரம், பிறகு உங்கள் படம், பிறகு வாழ்க்கைக் குறிப்பு. ஒன்பதாம் பக்கத்துக்கு வந்தபோது தாளை அடுப்பு மேடையில் அறைந்து வைத்தேன். துக்கத்தால் அல்ல, மாமி. ஆத்திரத்தால்.

ரயிலில் போகிற தூரத்தில், கிள்ளானில் இருக்கும் என் பிறந்த வீட்டில் இப்படி ஒரு வழக்கம் இல்லை. இறந்தவருக்குப் பதினாறாம் நாள் காரியம் செய்வோம், படம் மாட்டுவோம், அவ்வளவுதான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு நினைவுப் புத்தகம் அச்சடிப்பது, அதற்குக் கல்வெட்டு என்று பெயர் வைப்பது, எல்லாம் யாழ்ப்பாணத்து மருமகளான பிறகு நான் தெரிந்துகொண்டவை. மாமா போனபோது அந்த வேலையை நீங்களே முன்நின்று செய்தீர்கள். "கல்லில வெட்டினது மாதிரி இருக்கோணும் பிள்ளை. பிறகு ஆரும் மாத்த ஏலாது" என்றீர்கள். இப்போது உங்களுடையதையே மாற்றியிருக்கிறார்கள்.

ஒன்பதாம் பக்கத்தில், "அன்னையின் இறுதி மடல்" என்ற தலைப்பில், நீங்கள் லண்டனில் இருக்கும் உங்கள் மூத்த மகனுக்கு எழுதியதாக இப்படி இருக்கிறது:

"அன்பு மகனே, நீ வர இயலாமல் போனதற்காக மனம் வருந்தாதே. கடமையே கண்ணாக வாழும் உன்னை எண்ணி இத்தாய் பெருமை கொள்கிறாள். நீ எங்கிருந்தாலும் என் ஆசி உனக்கு உண்டு."

நீங்கள் எழுதவில்லை இதை. உண்மையான மடலை நீங்கள் எழுதியபோது நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியும்.

என் மகன் கதிருக்குப் பாடத்துக்கு என்று அவன் அப்பா கம்ப்யூட்டர் வாங்கிக் கூடத்து மூலையில் வைத்தபோது, நீங்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உங்களுக்கு ஏரோகிராம் போதும். நீல நிறத் தாளில் இடம் முடிந்த பிறகும், மடிக்கும் ஓரத்தில் திருப்பித் திருப்பி எழுதுவீர்கள். ஆனால் டொரோண்டோவில் இருக்கும் உங்கள் தங்கை, தன் பேத்தி மூலமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். கதிர் அதை வாசித்துக் காட்டினான். "எப்ப எழுதினவள்?" என்று கேட்டீர்கள். "இன்னைக்குக் காலையிலதான் அப்பம்மா" என்றான். உடனே நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள்.

முதலில் தமிழ் எழுத்திலேயே அனுப்பிப் பார்த்தோம். நமது திரையில் முத்து முத்தாக இருந்தது. லண்டனில் போய்ச் சேர்ந்தபோது, தலையில் புள்ளியும் கொக்கியும் வைத்த ஆங்கில எழுத்துக் குப்பையாக இருந்ததாம். நாம் பயன்படுத்திய அதே எழுத்துரு அந்தக் கம்ப்யூட்டரிலும் இருக்க வேண்டும் என்று கதிர் விளக்கினான். எழுத்துருவைத் தனியாக இணைத்து அனுப்பினான். அலுவலகக் கம்ப்யூட்டரில் வெளியாள் தரும் எதையும் ஏற்றக் கூடாது என்று உங்கள் மகன் பதில் போட்டார். அதனால்தான் ஆங்கில எழுத்தில் தமிழ். மிஷன் பள்ளியில் படித்தவர் நீங்கள். அந்த இருபத்தாறு எழுத்தும் புதியவை அல்ல. அவை விசைப்பலகையில் கலைந்து கிடந்ததுதான் உங்களுக்குக் கோபம்.

"எடேய், ஏபிசி ஒழுங்கில வைக்காமல் ஆரடா இதைச் செய்தவன்? வெறியில செய்தவனோ?"

"டைப்ரைட்டர் காலத்துல இருந்தே அப்படித்தான் அப்பம்மா. பழகிடும்லா."

நெடில் வேண்டுமென்றால் ஒரே எழுத்தை இரண்டு தரம் தட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான். நீங்கள் விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தீர்கள். திரையில் ஒரு வரி முழுவதும் அதே எழுத்து ஓடியது. "அம்மா" என்று எழுதப் போனது யாரோ கிணற்றில் விழுந்து அலறுவதுபோல் ஆனது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

நேரடியாக இணைப்பில் இருந்துகொண்டு தட்டினால் தொலைபேசிக் கட்டணம் ஏறும், அந்த நேரத்தில் யார் அழைத்தாலும் வீட்டுத் தொலைபேசி கிடைக்காது. ஆகவே முதலில் வெறும் பக்கத்தில் எழுதிச் சேமித்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் கதிர் மோடத்தை இயக்குவான். அந்தக் கீச்சொலியும் இரைச்சலும் கேட்டு முடிந்ததும், எழுதியதை ஒட்டி, அனுப்பி, உடனே துண்டித்துவிடுவான். எழுதுவதற்கு அவசரம் இல்லை என்பதை நீங்கள் அப்படித்தான் கண்டுபிடித்தீர்கள். ஏரோகிராமில் தவறு வந்தால் அடிக்க வேண்டும். இதில் தவறு நடந்த சுவடே இருக்காது. "உது நல்ல சாமான்" என்றீர்கள்.

அன்றிலிருந்து உங்கள் இருவருக்கும் ஒரு முறை உண்டானது. நீங்கள் ஒற்றை விரலால் தட்டுவீர்கள். முடிந்ததும் கதிர் எழுத்துகளைச் சரிசெய்வான்: விட்டுப்போன இடைவெளி, ஒட்டிக்கொண்ட சொற்கள், நெடிலுக்குப் பதில் குறில். பிறகு சத்தமாக வாசிப்பான். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பீர்கள். ஏதாவது இடறினால் கையைத் தூக்குவீர்கள். அந்த வரியை அழித்துத் திரும்ப எழுதுவீர்கள். ஒவ்வொரு திருத்தத்தையும் அவன் தனித்தனியாகச் சேமித்துவைத்தான். முந்தையதுதான் நன்றாக இருந்தது என்று நீங்கள் மனம் மாறக்கூடும் என்பதால்.

இந்த முறைக்கு ஒரு சட்டமும் உண்டு. அது முதல் வாரத்துச் சண்டையில் வந்தது. உங்கள் தங்கைக்கு எழுதியதில், அவர் வீட்டில் இருக்கிற ஒவ்வொருவர் பெயரையும் சொல்லித் தனித்தனியாக நலம் விசாரித்திருந்தீர்கள். கதிர் உங்களைக் கேட்காமலே அதை "எல்லாரும் நலமா" என்று சுருக்கிவிட்டான். வாசிக்கும்போது கை தூக்கினீர்கள்.

"எல்லாரும் எண்டா ஆர்?"

"வீட்டுல இருக்கிற எல்லாரும்தான் அப்பம்மா. நீளமா இருந்துச்சு, அதான் பாலிஷ் பண்ணேன்."

"என்ர சொல்லைத் துடை. பளபளப்பாக்கு. ஆனா ஒண்டையும் எடுத்து எறியாதை. எறியிறதெண்டா என்னைக் கேள்."

அவன் முகம் சுருங்கினாலும் எல்லாப் பெயரையும் திரும்பப் போட்டான். அதன் பிறகு உங்களைக் கேட்காமல் ஒரு சொல்லை அவன் மாற்றி நான் பார்த்ததில்லை. பதினைந்து வயதுப் பையனுக்கு அது விளங்கியது. லண்டனில் பெரிய உத்தியோகம் பார்க்கிறவருக்கு விளங்கவில்லை.

தலைப்புக்கு ஒரு கட்டம் இருக்கிறது, அதில் என்ன போடுவது என்று கதிர் கேட்டபோது, "சிவமயம் எண்டு போடு. மேல வேற என்ன வரும்?" என்றீர்கள். நீங்கள் எழுதிய எந்தக் கடிதத்தின் உச்சியிலும் அதுதானே இருந்தது! ஆகவே நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு மின்னஞ்சலும் "சிவமயம்" என்ற ஒரே தலைப்போடு போயிற்று. டொரோண்டோவிலிருந்து உடனுக்குடன் பதில் வந்தது. லண்டனிலிருந்து இரண்டு மாதமாக ஒன்றும் இல்லை. பிறகு ஒரு நாள் உங்கள் மகன் தொலைபேசியில் சொன்னார்: "அம்மா, எல்லாத்துக்கும் ஒரே தலைப்பு. ஏற்கெனவே வாசிச்சதுதான் திரும்ப வருது எண்டு நினைச்சுத் திறக்கேல்லை." நீங்கள் தொலைபேசியை என்னிடம் நீட்டினீர்கள். அன்று உங்கள் முகத்தைப் பார்த்தவள் நான். திறக்காத கடிதத்துக்கு இப்படியும் ஒரு காரணம் சொல்ல முடியுமா என்று அன்றைக்கே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்கள்தான், "விடு பிள்ளை, அவனுக்கு வேலை" என்றீர்கள்.

அவர் வருகிறேன் என்று சொன்னார். தீபாவளிக்கு, பிறகு பள்ளி விடுமுறைக்கு, பிறகு உங்கள் பிறந்தநாளுக்கு. ஒவ்வொரு முறையும் நீங்கள் மகன் அறையைத் திறந்து வைக்கச் சொன்னீர்கள். நான் மெத்தையை வெயிலில் போட்டு உதறி விரிப்பேன். நீங்கள் கதவோரம் நின்று தலையணை உறையை மாற்றச் சொல்வீர்கள். உங்களுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. அதை எழுத வேண்டாம் என்று கதிரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தீர்கள். தூரத்தில் இருக்கிறவர்களுக்கு நோயைப் பற்றி எழுதக் கூடாது, அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது, கவலைப்பட மட்டும்தான் முடியும் என்பது உங்கள் வழக்கம்.

மூன்றாவது முறையும் அவர் வராதபோது, மறுநாள் மத்தியானம் சாப்பிட்ட கையோடு, "கதிர், மிசினைப் போடு" என்றீர்கள். புது ஸ்டேஷன் கட்டுகிற இடத்திலிருந்து தூண் அடிக்கும் சத்தம் ஜன்னலை அதிரவைத்துக்கொண்டிருந்தது. நீங்கள் நிறுத்தாமல் தட்டினீர்கள். கதிர் சரிசெய்யக் குனிந்து பார்த்தவன், என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்பம்மா, ரொம்பக் காரமா இருக்கு. கொஞ்சம் சாஃப்டா போடலாமா?"

"வாசி முதல்ல."

வாசித்தான். அதில் "நீ எனக்குப் பிள்ளையே இல்லை" என்று ஒரு வரி இருந்தது. அங்கே நீங்களே கை தூக்கினீர்கள். "அது பொய். எடு."

பிறகு, "கத்திற எழுத்தெண்டு ஒண்டு சொன்னியே, பெரிய எழுத்து. அதில போடு" என்றீர்கள். முழுவதையும் பெரிய எழுத்தில் தட்டினால் கத்துவதுபோல் இருக்கும் என்று அவன்தான் முன்பு ஒரு நாள் சொல்லியிருந்தான். கோப வரியை மட்டும் பெரிய எழுத்தாக்கிக் காட்டினான். நீங்கள் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தீர்கள். "வேண்டாம். கத்தினா, கிழவிக்கு விசர் எண்டு சொல்லுவான். சின்ன எழுத்திலயே இருக்கட்டும்."

மாலை வரை இழுத்தது. உங்கள் மூச்சுத் திணறலைச் சொல்வதா வேண்டாமா என்பதில்தான் அதிக நேரம் போயிற்று. எழுதினீர்கள், எடுத்தீர்கள், மறுபடி எழுதினீர்கள். கடைசியில் "எனக்குக் குனிய ஏலாது" என்ற அளவில் நின்றது. முடிவு சரியாக வரவில்லை. "வராதை" என்று நிறுத்தியிருந்தீர்கள். கதிர் வாசித்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பினான். பிறகு கேட்டான்: "நெசமாவே வர வேணாமா அப்பம்மா? எப்பவுமே?"

நீங்கள் விசைப்பலகையை உங்கள் பக்கம் இழுத்து இன்னும் இரண்டு வரி தட்டினீர்கள். அனுப்பியது இதுதான்:

"தம்பி, சுகமாயிருக்கிறியோ. வாறன் வாறன் எண்டு மூண்டு தரம் சொன்னாய். மூண்டு தரமும் உன்ர அறையைத் துடைச்சு மெத்தை போட்டது நான் இல்லை, என்ர மருமகள். எனக்குக் குனிய ஏலாது. நீ கவலைப்படுவாய் எண்டு இதை முந்தி எழுதேல்லை. இப்ப எழுதிறன். எனக்கு உன்னில சரியான கோபம். வேலை எண்டு சொல்லாதை, உன்ர அப்பாவுக்கும் வேலை இருந்தது. இந்தப் பொங்கலுக்கு வராதை. கோபம் ஆறினாப் பிறகு நானே சொல்லுறன். அப்ப வா."

இந்த முறை தலைப்பில் வெறும் "சிவமயம்" வேண்டாம் என்று கதிர் கெஞ்சினான். சிவமயத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, "கோபம்" என்று சேர்க்க ஒப்புக்கொண்டீர்கள். அதே கடிதத்தின் பிரதி இன்னொருவருக்கும் போகும்படி செய்யலாம், ஆனால் யார் யாருக்குப் போயிற்று என்பது எல்லாருக்கும் தெரியும் என்று அவன் சொன்னதும், "தங்கச்சிக்கும் போடு. ஆர் வாசிச்சாலும் எனக்கென்ன? நான் பொய் எழுதேல்லை" என்றீர்கள். அனுப்பியபின் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, என்னிடம் தேநீர் கேட்டீர்கள். அவ்வளவு இலேசாக உங்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

லண்டனிலிருந்து பதில் இரண்டு வரியில் வந்தது. கதிர் வாசித்தான்: கிடைத்தது, வேலை மும்முரம், பிறகு பேசுகிறேன். நீங்கள் சிரித்தீர்கள். "திறந்து வாசிச்சிருக்கிறான். அது போதும் இப்போதைக்கு."

கோபம் ஆறியதா என்று நான் கேட்கவே இல்லை. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். பொங்கல் வந்தது, போனது. ஒரு விடியலில் மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டீர்கள். மூத்தவர் வந்து சேர முடியாது என்றார். அவர் இல்லாமலே, இளையவரான என் கணவர் கொள்ளி வைத்தார்.

இப்போது அந்தியேட்டிக்கு மூத்தவருக்கு விடுப்புக் கிடைத்திருக்கிறது. கல்வெட்டுச் செலவு தன்னுடையது, அமைப்பும் தன்னுடையது என்றார். அம்மாவின் மின்னஞ்சல் ஒன்றைப் போட வேண்டும், ஆங்கில எழுத்தில் இருப்பதைத் தானே தமிழுக்கு மாற்றி அனுப்புகிறேன் என்றார். நான் மாற்றித் தருகிறேனே, பள்ளியில் பாடம் எடுக்கிறவள்தானே என்று சொன்னேன். "உமக்கு எங்கட தமிழ் சரி வராது. கிள்ளான் பக்கத்து வாசம் வந்திடும்" என்று சிரித்தார். நீங்களும் என் பேச்சை அப்படிக் கேலி செய்திருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் சொன்னபோது ஒரு நாளும் எனக்கு வலித்ததில்லை. அவர் எழுதி அனுப்பியதில் எந்தப் பக்கத்து வாசமும் இல்லை. உங்கள் வாசமும் இல்லை.

நேற்று இரவே உறை வந்துவிட்டிருந்தது. என் கணவர் பிரித்துப் பார்த்துத் திரும்ப மூடி வைத்திருந்திருக்கிறார். காலையில் தாளோடு போய் எழுப்பினேன்.

"பாத்தீங்களா இதை?"

"பாத்தன்."

"அம்மா இப்படியா எழுதினாங்க? கோபம்னு எழுதினாங்க. இவர் பெருமைனு போட்டிருக்கார்."

"அண்ணனுக்குக் குற்ற உணர்ச்சி. விடும். செத்தவீட்டில என்ன வழக்கு?"

"குற்ற உணர்ச்சி இருந்தா அழட்டும். அம்மாவே மன்னிச்சிட்டாங்கனு அம்மா பேரைப் போட்டு ஊருக்கெல்லாம் காட்டணுமா?"

அவர் போர்வையை இழுத்துக்கொண்டார்.

மாமி, உங்கள் மகனுக்கு வேலை இருந்திருக்கலாம். அங்கே குளிரில், யாரும் இல்லாத அறையில் அவர் உங்களை நினைத்து அழுதும் இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் மன்னிப்பு உங்களிடம் இருந்தது. "நானே சொல்லுறன்" என்று எழுதினீர்கள். சொல்வதற்கு முன் போய்விட்டீர்கள். சொல்லாமல் போன ஒன்றை அவராகவே எடுத்து, நல்ல தமிழ் உடுத்தி, உங்கள் படத்துக்கு எதிரே உட்காரவைத்திருக்கிறார். ஒரு சொல்லை எறியக்கூட உங்களைக் கேட்ட பையன் இந்த வீட்டில் இருக்கிறான். அவனும் இதை வாசிப்பான். "என்ர மருமகள்" என்ற சொல்லும் போய்விட்டது. அதனால்தான் எனக்குக் கோபமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். அதுவும் கொஞ்சம் இருக்கிறது. இருபது வருடம் இந்த வீட்டில் "கிள்ளான்காரி"யாக இருந்தவளை நீங்கள் எழுத்தில் மருமகள் என்று சொன்னது அந்த ஒரே இடத்தில்தான். ஆனால் அந்தச் சொல்லை மட்டும் வெட்டிவிட்டு மற்றதை அப்படியே விட்டிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

என் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, ஒன்பது மணிக்குக் கிள்ளான் அச்சகத்துக்குத் தொலைபேசி போட்டேன்.

"டீச்சர், மத்தியானம் மூணு மணிக்குள்ள திருத்தம் கொடுத்திட்டீங்கன்னா இன்னைக்கே அச்சுக்கு ஃபிலிம் போட்டுடலாம்லா. அதுக்கப்புறம் ஒண்ணும் மாத்த முடியாது."

"திருத்தம் அதிகம் இல்ல அண்ணே. ஒரு பக்கம்தான்."

"லண்டன்ல கேக்கணுமா?"

"வேணாம். நான் கொண்டுவரேன்."

கதிர் பள்ளிக்குப் போயிருந்தான். அவன் சேமித்துவைத்திருந்ததில் கடைசித் திருத்தத்தைத் திறந்தேன். பிள்ளைகளின் கட்டுரைத் தாளைத் திருத்துவதுபோல் சிவப்பு மையை எடுத்தவள், கீழே வைத்துவிட்டு நீல மையை எடுத்தேன். நீங்கள் தட்டிய ஒவ்வொரு ஒலியையும் தமிழ் எழுத்தாக மாற்றி எழுதினேன். "எண்டு" என்றதை "என்று" ஆக்கவில்லை. "ஏலாது" என்றதைத் தொடவில்லை. எழுதி முடித்ததும், இப்போதெல்லாம் பள்ளிச் சுற்றறிக்கைக்குக்கூட நான் செய்வதுபோல, கண்ணை மூடிக்கொண்டு எனக்கு நானே சத்தமாக வாசித்தேன். எங்கும் இடறவில்லை. கை தூக்க எனக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை.

கல்வெட்டில் கோபத்தை யார் போடுவார்கள் என்று கேட்பார்கள். சபையில் குடும்பத்தைக் காட்டிக்கொடுத்தாள் என்பார்கள். வேறு சாதிசனத்திலிருந்து எடுத்தால் இப்படித்தான் என்று, உங்கள் காலத்தில் உங்களுக்குப் பயந்து சொல்லாததை இப்போது சொல்வார்கள். பக்கத்தையே நீக்கிவிட்டால் ஒரு சண்டையும் வராது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். ஆனால் அதுவும் எடுத்து எறிவதுதான்.

பன்னிரண்டே காலுக்குக் கிள்ளான் போகும் கொமுட்டர் ரயில். லண்டன்காரர் எழுதிய ஒன்பதாம் பக்கத் தாளைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். உங்கள் பக்கம் மட்டும்தான் என்னோடு வருகிறது. என் கணவரிடம் சொல்லவில்லை. கதிரிடமும் சொல்லவில்லை, யாராவது கேட்டால் அவன் பொய் சொல்ல வேண்டியிருக்கும். அந்தியேட்டி அன்று பந்தியில் உட்காருவதற்கு முன் புத்தகம் கொடுப்பது வழக்கம். முதல் பிரதியை உங்கள் மூத்த மகனிடம் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அட்டையைக் காட்டி நீட்ட மாட்டேன். ஒன்பதாம் பக்கத்தைத் திறந்து கொடுப்பேன்.